பக்கத்து மேசைக்காரருக்கு

வணக்கம் என்று தட்டினேன். அடுத்து வரவேண்டியது புள்ளியா, ஆச்சரியக்குறியா, ஒன்றுமே இல்லாமல் அடுத்த வரிக்குப் போய்விடலாமா என்று யோசிப்பதற்குள், "நாலு இஞ்சுங்க! மூணில்லீங்க, நாலு!" என்று வலது பக்கத்திலிருந்து வந்தது. என் விரல் தானாக எண்களின் பக்கம் போனது. இதுதான் விஷயம், இதைத்தான் எழுத உட்கார்ந்தேன். வலது பக்கம் தெய்வசிகாமணி. பம்ப் செட் உதிரி பாகங்களைப் போனிலேயே வாங்கிப் போனிலேயே விற்கிறவர். கோயமுத்தூரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கும் இந்தப் பொது அலுவலகத்தில் மாதவாடகைக்கு மேசை எடுத்திருப்பவர்களில் நானும் ஒருத்தி, அவரும் ஒருவர். எங்கள் மேசைகளுக்கு நடுவே கம்பளித்துணி ஒட்டிய ஒரு தட்டி உண்டு, உட்கார்ந்தால் மூக்கு வரைக்கும் மறைக்கும். காதை மறைக்காது. தட்டியை வடிவமைத்த ஆள் மனிதர்கள் மூக்கால் பேசுவார்கள் என்று நம்பியிருக்க வேண்டும். ஒரு கை நீட்டினால் அவர் தோளைத் தட்டி, சார், கொஞ்சம் மெதுவாக, என்று சொல்லிவிடலாம். பக்கத்தில் இருக்கிறவருக்குக் கடிதம் எழுதுவது நோயா நாகரிகமா என்று தெரியவில்லை. இரண்டு நாளாக இதையே எழுதி எழுதி அழிக்கிறேன். அதற்குள் அவர் ஊர் ஊராகப் பேசிவிட்டார், உடுமலை, காங்கேயம், தாராபுரம். நான் இன்னும் வணக்கத்தில் நிற்கிறேன்.

வரவேற்பு மேசைப் பெண் ரெபேக்காவிடம்தான் முதலில் போனேன். "மேடம், நீங்களே ஒரு மெசேஜ் போட்டுருங்களேன்," என்றாள், குரலைத் தாழ்த்தி. அவளுக்கு அந்தக் கலை வரும். "நான் சொன்னா அது கம்ப்ளெய்ன்ட் ஆயிரும். ரெஜிஸ்டர் பண்ணணும். ஏற்கெனவே அவர் மேல ஒண்ணு இருக்கு, ரெண்டாவது வந்தா கீழ்த்தளத்துக்கு மாத்திருவாங்க. குரூப்ல பொதுவாப் போட்டா எல்லாருமா சேந்து யாரு யாருன்னு கண்டுபிடிச்சு விளையாடுவாங்க. பாவம் மேடம் அவரு." பாவம் என்று ஏன் சொன்னாள் என்று கேட்கவில்லை. கீழ்த்தளம் என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன். கீழ்த்தளம் என்றால் பேக்கரிக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத அறை, மாவு வாடை, அடுப்பின் வெக்கை. அங்கே அவர் போய்விட்டால் என் வலது பக்கம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். நினைத்துப் பார்த்த இடத்தில் நிம்மதி இருந்திருக்க வேண்டும், இல்லை. முதல் புகார் யாருடையது என்று மட்டும் கேட்டேன். "அதெல்லாம் சொல்லக்கூடாது மேடம்," என்றவள், கண்ணாலேயே ஜன்னலோரத்துக் கணக்குத் தணிக்கைக்காரரைக் காட்டிக்கொடுத்தாள்.

எனக்கு வேலை மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் துண்டுச்சீட்டின் தமிழைச் சரிபார்ப்பது. யாரும் படிக்காத இலக்கியம், படித்தாக வேண்டிய அன்று மட்டும் எல்லோரும் உருகிப் படிப்பது. ஒரு ஏஜென்சி அனுப்புகிறது, நான் பார்த்து அனுப்புகிறேன், எனக்குப் பிறகு இன்னொருவர் பார்க்கிறார். போன வாரம் குழந்தைகளுக்கான இருமல் மருந்து ஒன்று. ஒரு வேளைக்கு இரண்டு மில்லி என்று வரவேண்டிய வரி வளைந்து நெளிந்து கிடந்தது, அதை நேராக்கி மறுபடி தட்டிக்கொண்டிருந்தேன், அதே சமயம் வலது பக்கத்தில் "நாலு போதும் குப்புராசு, நாலே போடு" என்று இவர் உடுமலை மெக்கானிக்குக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நாலு என்று போட்டேன். என்னைத் தாண்டிப் போனது. எனக்குப் பின்னால் பார்த்தவர் பிடித்தார். ஏஜென்சியின் சௌந்தரி மிக மரியாதையாக எழுதியிருந்தாள், இன்னொரு முறை நடந்தால் மருந்து வேலைகளை வேறொருவருக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்று. மரியாதைதான் பயமுறுத்தியது. அதைவிடப் பயமுறுத்தியது அந்தக் குழந்தை. முகம் தெரியாத குழந்தை, இருமிக்கொண்டே வாயைத் திறக்கிறது, அம்மா பிளாஸ்டிக் மூடியில் நாலு கோடு வரைக்கும் ஊற்றுகிறாள், சீட்டில் அப்படித்தான் போட்டிருக்கிறது, அச்சில் வந்தது பொய்யாகுமா. ராத்திரிகளில் அந்த மூடி வருகிறது. இன்று ஒரு காய்ச்சல் மருந்து வந்திருக்கிறது, மாலைக்குள் போக வேண்டும், எடைக்கு ஏற்ற அளவு என்று ஒரு அட்டவணை முழுக்க எண்கள். எண்களைப் பார்க்கிறேன், காதில் எண்கள் விழுகின்றன. பார்க்கிற எண் எது, கேட்கிற எண் எது என்று என் தலைக்கே தெரிவதில்லை.

மறுபக்கம் கேட்காமல் ஒரு பக்கப் பேச்சு மட்டும் கேட்டால் அது இரண்டு பேர் பேசுவதைவிட அதிகம் தொந்தரவு செய்யும் என்று எங்கோ படித்தேன். விட்டுப்போன பாதியை மனம் உட்கார்ந்து நிரப்பிக்கொண்டே இருக்குமாம். உண்மைதான். குப்புராசு என்ன சொல்லியிருப்பான் என்று நான்தான் எழுதுகிறேன், எனக்குக் குப்புராசுவின் குரல்கூட இருக்கிறது, கொஞ்சம் மூக்கடைத்த குரல். இரைச்சலை அடக்கும் ஹெட்போன் வாங்கினேன். அது மின்விசிறியை அடக்கியது, ஏசியின் முனகலை அடக்கியது, தெருவை அடக்கியது, பேக்கரியின் மாவு பிசையும் இயந்திரத்தை அடக்கியது. எல்லாம் அடங்கிய சுத்தமான மௌனத்தில் தெய்வசிகாமணி மட்டும் தனியாக நின்று பேசினார். நிற்காமல் ஒரே சீராக ஓடும் சத்தத்தைத்தான் அது அடக்குமாம், ஏறி இறங்கும் மனிதக் குரலை அல்ல என்று பிறகு பெட்டிக்குள் இருந்த சீட்டில் படித்தேன். துண்டுச்சீட்டுகளில் பிழைக்கிற நானே மாட்டும் முன் சீட்டைப் படிக்கவில்லை. கழற்றியிருக்கலாம். அன்று மாலை வரை கழற்றவில்லை. அதை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

சரி, எழுது. இப்படிப்பட்ட கடிதத்துக்கு ஒரு முறை இருக்கிறது. மொத்தமாகக் குற்றம் சொல்லக்கூடாது, நீங்கள் எப்போதும் என்று ஆரம்பிக்கக்கூடாது. எப்போதும் என்றாலே எதிராளி, போன புதன்கிழமை நான் ஊரிலேயே இல்லையே என்பார், அத்தோடு கடிதம் தோற்றது. எது, எப்போது, அதனால் எனக்கு என்ன ஆகிறது, பதிலுக்கு என்ன கேட்கிறேன், அவ்வளவுதான். ஒரே ஒரு கோரிக்கை, அவரால் செய்யக்கூடியதாக. எல்லோருக்கும் தொந்தரவாக இருக்கிறது என்று ஊரைத் துணைக்கு அழைக்கக்கூடாது, அது கோழைத்தனம், தவிர ஊர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. குறிப்பாக எழுத வேண்டும், சான்றோடு. நேற்று அதைத்தான் செய்தேன். நேற்று பதினொரு மணிக்கு நீங்கள் தாராபுரம் லாரி சர்வீஸ்காரரிடம், பெட்டி இறங்கவில்லை என்றால் நானே வந்து உங்கள் வாசலில் படுத்துக்கொள்வேன் என்று சிரித்தபோது என்று எழுதினேன். உங்கள் தங்கை சாரதாமணியிடம் ரசத்துக்குப் பெருங்காயம் எப்போது போடுவது என்று இரண்டு முறை கேட்டபோது என்று எழுதினேன். காங்கேயத்துக்காரர் ஒருவருக்கு மகள் பிறந்த செய்திக்கு நீங்கள் எழுந்து நின்று வாழ்த்துச் சொன்னபோது என்று எழுதினேன். எழுதியதை ஒரு முறை வாசித்தேன். சரிபார்க்கிறவள் கண்ணோடு வாசித்தேன். இது புகார் மாதிரி இல்லை. இப்படி ஒருத்தி இன்னொருவரைப் பற்றி எழுதினால் அதற்கு வேறு பெயர். சான்று சேர்க்கச் சேர்க்க நானே மாட்டிக்கொள்கிறேன். சான்றை எடுத்தால் கடிதத்தில் உயிர் இல்லை, நகராட்சி அறிவிப்பு மாதிரி ஆகிவிடுகிறது, அலுவலகச் சூழலைக் கருத்தில்கொண்டு ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. யார் கேட்டுக்கொள்கிறார்? கேட்பவள் வாக்கியத்தில் இல்லவே இல்லை. ஒளிந்துகொள்வதற்கென்றே மனிதன் கண்டுபிடித்த வாக்கியம் அது. அழித்தேன்.

அவர் குரல் ஏன் இப்படி என்பதும் எனக்குத் தெரியும், அதுவும் கேட்டுத் தெரிந்ததுதான். முன்னால் கணபதி ஏரியாவில் லேத் பட்டறைக்கு அடுத்த கடையாம், கடைசல் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிப் பழகிய தொண்டையாம், கடையை மூடின பிறகும் தொண்டை மூடவில்லை என்று யாரிடமோ சொல்லிச் சிரித்தார். போனுக்காகக் காதில் மாட்டும் கருவி அவர் குரலை அவருக்கே மறைத்துவிடுகிறது, அதனால் இன்னும் ஏற்றுகிறார். போன் அறை இரண்டு இருக்கிறது, கண்ணாடிக் கதவு, உள்ளே பஞ்சுச் சுவர். அதில் ஏன் போவதில்லை என்றால், "பொட்டிக்குள்ள வெச்ச மாதிரி இருக்குதுங்க, நாம பேசுனா நமக்கே வெக்கமா இருக்குது." இதையும் அவர் என்னிடம் சொல்லவில்லை. என்னிடம் அவர் சொன்னது மொத்தமே சில சொற்கள்தான். வந்த புதிதில், மின்சாரம் போன ஒரு மதியம், தட்டிக்கு மேலே மூக்கு வரை எழுந்து, "மேடம், காப்பி குடிக்கறீங்களா?" என்றார். எவ்வளவு மெதுவாக! ஊருக்கெல்லாம் லேத்துக்கு மேலே பேசுகிறவர் எனக்கு மட்டும் நூலகத்தில் பேசுகிற மாதிரி பேசினார். நான் குடிப்பதில்லை என்றேன். குடிப்பேன். ஒரு நாளைக்கு மூன்று. அன்றிலிருந்து தலையை ஆட்டுவதோடு சரி. மேசையில் அகராதிகளை அடுக்கி வைத்திருப்பவள், வாய்விட்டுப் பேசினால் பிழை பிடிப்பாள் என்று நினைத்திருப்பார். பிடிப்பேன்தான். ஆனால் குப்புராசுவிடம் பேசுவது போல என்னிடம் ஒருநாள், நாலு இல்லீங்க மூணு என்று, அப்படியே இறங்கி, வாய் நிறையப் பேசினால். என் போனுக்கு வங்கியிலிருந்து கடன் வேண்டுமா என்று கேட்டு வருகிறது, ஆறு இலக்கக் கடவு எண் வருகிறது, சௌந்தரியின் மரியாதை வருகிறது. என் தம்பி பண்டிகைக்கு ஒரு படம் அனுப்புவான், அதே படத்தை எல்லோருக்கும். குரல் வருவதில்லை. வீட்டில் என் குரலை நானே கேட்பது பால் பொங்கும்போது, ஐயோ என்று.

இப்போது மறுபடி மணி அடிக்கிறது, அவருடையது. நாதஸ்வரம் வைத்திருக்கிறார். "ஏ அம்மிணி, சொல்லு. கேக்குது கேக்குது, நீதான் கத்தற." தங்கை. கோபியில் இருக்கும் சாரதாமணி. இவருக்கு மனைவி போய்விட்டாள், எப்போது என்று தெரியாது, அவ இருந்திருந்தா என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்துவார், நான் கேட்டதெல்லாம் அந்தப் பாதிதான். "சாப்ட்டன். தயிர்ச்சோறு. ஆமா, நேத்தும் அதான். அதுக்கென்ன இப்ப?" அட்டவணையில் எட்டு கிலோவிலிருந்து பன்னிரண்டு கிலோ வரை என்ற வரியில் கண்ணை வைத்தேன். "அங்க வந்து நான் என்ன பண்றது அம்மிணி?" கண் வரியிலேயே இருந்தது. "மேல் ரூமு சும்மா கெடக்குதுன்னா கெடக்கட்டும். ... ஆமா, போன்ல பண்ற வேலதான், அங்கிருந்தும் பண்ணலாந்தான், யாரு இல்லேன்னாங்க. ... இங்கயா? இங்க எனக்கு யாரு இருக்கறாங்க, ஒரு மேசை இருக்குது. ... செரி, அழுவாத. ஏ, அழுவாத சாமி. யோசிக்கறேன்னு சொல்றனல்ல. மாசக் கடைசிக்குள்ள சொல்றேன்." பன்னிரண்டு கிலோ எங்கே போனது? மறுபடி மேலே ஏறி வந்தேன். அவர் பேசிக்கொண்டே இருந்தார், ஒரு மேசை இருக்குது என்று சொன்ன இடத்தில் நான் அசையாமல் இருந்தேன். அந்த மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு மேசையும் இருக்கிறது என்று தட்டியைத் தட்டிச் சொல்ல வேண்டும் போல இருந்தது. இப்போது இந்தக் கடிதம் போனால் என்ன ஆகும்? ஏற்கெனவே யோசிக்கிறவருக்கு நான் காரணம் எழுதித் தருகிறேன். பாரு அம்மிணி, இங்க நம்ம வாயத் தொறந்தாலே பிரச்சனையாம் என்று சொல்லிவிட்டு மாடியறைக்குப் போய்விடுவார். கடிதம் போகாவிட்டால்? பன்னிரண்டு கிலோவுக்கு நேரே நான் எதையாவது போடுவேன். வாயைத் திறக்கிற குழந்தை. மூடி. நாலு கோடு. அதற்கு அவர் காரணம் இல்லை, அவருக்குத் தெரியவே தெரியாது, தெரியாதவரைக் காதோரமாய் வைத்துக்கொண்டு ரசிப்பதும் தப்பு, தெரியாமலேயே பழி போட்டு வெறுப்பதும் தப்பு. இரண்டையும் செய்துகொண்டிருக்கிறேன், ஒரே காதால்.

எழுதினேன். இந்தத் தடவை அகராதியைப் பார்க்கவில்லை. "வணக்கம். நான் மங்கையர்க்கரசி, பக்கத்து மேசை. மருந்துச் சீட்டுகளின் தமிழைச் சரிபார்க்கிறேன், அவற்றில் எண்கள் நிறைய இருக்கும். நீங்கள் போனில் எண்கள் சொல்லும்போது என் கவனம் அங்கே போய்விடுகிறது. போன வாரம் குழந்தைகள் மருந்து ஒன்றின் அளவைத் தவறாகப் போட்டுவிட்டேன், நல்லவேளையாகப் பிடித்துவிட்டார்கள். தவறு என்னுடையதுதான், பயமாக இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாலு மணி வரை இந்த வேலை. அந்த நேரத்து அழைப்புகளை மட்டும் போன் அறையில் பேச முடியுமா? போன்தான் உங்கள் தொழில் என்று தெரியும். மற்ற நேரங்களில் நீங்கள் பேசுவது எனக்குத் தொந்தரவு இல்லை. இதை நேரில் சொல்லியிருக்க வேண்டும், வரவில்லை." தொந்தரவு இல்லை என்ற இடத்தில் முதலில் பிடிக்கும் என்று இருந்தது. அதைப் பார்த்தேன், அது என்னைப் பார்த்தது, அழித்தேன். அழித்த இடத்தில் வாக்கியம் லேசாக நொண்டியது. நொண்டட்டும். குழுவில் இருந்து அவர் எண்ணை எடுத்தேன், அவர் படத்துக்குப் பதில் ஒரு பம்ப் இருந்தது, பச்சை வண்ணம் பூசியது. அனுப்பு என்பதை அழுத்திய அந்த நொடியே ஒரு கை தூரத்தில் டிங் என்றது. நான் அனுப்பியது போய்ச் சேர்ந்த சத்தத்தை நானே கேட்கும்படி ஒரு தபால்துறை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அவர் சாரதாமணியிடம் பேசிக்கொண்டே இருந்தார். திரையில் இரண்டு சாம்பல் கோடுகள், இன்னும் படிக்கவில்லை. அழித்துவிடலாம், இன்னும் நேரம் இருக்கிறது, ஆனால் அழித்த செய்தி என்று ஒரு வரி நிற்குமே, அது செய்தியைவிட மோசம். "செரி அம்மிணி, வெச்சர்றேன், யாரோ மெசேஜ் போட்டிருக்கறாங்க." யாரோ. கோடுகள் நீலமாயின.

ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றும் கேட்கவில்லை என்பதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன், மின்விசிறி, ஏசி, கீழே மாவு இயந்திரம், ஜன்னலோரத் தணிக்கைக்காரர் பேனாவை மூடியது. நாற்காலி நகர்ந்தது. எழுந்துவிட்டார். தட்டிக்கு மேலே மூக்கு வரை தெரிவார், திட்டுவார், அல்லது அதைவிட மோசமாக மன்னிப்புக் கேட்பார் என்று திரையிலேயே குனிந்திருந்தேன். காலடிகள் என்னைத் தாண்டிப் போயின. ரெபேக்காவிடம் போகிறாரா? மேசையைக் காலி செய்யவா? ஓரக்கண்ணால் பார்த்தேன், போன் அறையின் கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ளே போனார், கதவை இழுத்துச் சாத்தினார், பெட்டிக்குள் வைத்த மாதிரி நின்றார். இனி அப்படித்தான். இனி மதியங்களில் உதடு மட்டும் அசையும், மீன்தொட்டியைப் பார்ப்பது போல அவரைப் பார்த்துக்கொண்டு ஒழுங்காக எண்களைப் பார்ப்பேன், பிழையே வராது, மாதக் கடைசி வரும். இதைத்தானே கேட்டாய். தெளிவாக, குறிப்பாக, ஒரே ஒரு கோரிக்கையாகக் கேட்டாய், கொடுத்துவிட்டார். நல்ல கடிதம். நல்ல கடிதத்தின் அடையாளம் அது பலிப்பதுதான்.

என் போன் அதிர்ந்தது. கடன் வேண்டுமா என்பவர்கள் என்று திருப்பினால் பச்சைப் பம்ப். எழுத்து இல்லை, அழைப்பு. கண்ணாடிக்குள் அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றிருந்தார். எடுத்தேன். எடுத்துவிட்டேன். மறுமுனையில் மூச்சு இருந்தது, பிறகு ஏதோ. அத்தனை மெதுவாக. "ம... ங்க..." என்று தேய்ந்து வந்தது. கையை வேறு வாய்மேல் குவித்திருந்தார். "என்னங்க?" என்றேன். மறுபடி ஒரு சாம்பல் முணுமுணுப்பு, நடுவில் குழந்தை என்பது போல ஒரு சொல், தெரிஞ்சிருந்தா என்பது போல ஒன்று, அப்புறம் நீளமாக எதுவோ. அதில் கோபி என்று வந்ததா, போ என்று வந்ததா? "கேக்கலைங்க," என்றேன். அவர் இன்னும் குனிந்தார், இன்னும் மெதுவாக்கினார், நான் கேட்டுக்கொண்டதை அத்தனை ஒழுங்காக நிறைவேற்றிக்கொண்டிருந்தார். மாசக் கடைசி என்றாரா? பெரிய வார்த்தைகளெல்லாம் பஞ்சுச் சுவருக்குள் போய்க்கொண்டிருந்தன. பாதியை நிரப்ப என் மனம் உட்கார்ந்தது, கோபி என்று நிரப்பியது, போறேனுங்க என்று நிரப்பியது. நான் எழுந்து நின்றிருந்தேன், எப்போது எழுந்தேன் என்று தெரியாது. "கொஞ்சம் சத்தமாப் பேசுங்க! கேக்கல! கோபிக்குப் போறீங்களா?"

மேல்மாடி முழுக்கத் திரும்பியது. தணிக்கைக்காரர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு பார்த்தார். ரெபேக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது, லேத்துக்குப் பக்கத்தில் நின்று பழகாத தொண்டை. கோபி என்று அவர் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை என்பது அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. கடிதத்திலிருந்து வரி வரியாக அழித்ததையெல்லாம் ஒரே மூச்சில் ஊரைக் கூட்டிச் சொல்லியாகிவிட்டது. அவர் சுவரிலிருந்து மெல்லத் திரும்பினார். கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். வாயிலிருந்து கையை எடுத்தார். பிறகு குப்புராசுவிடம் பேசுகிற குரலில், உடுமலைக்கும் தாராபுரத்துக்கும் கேட்கிற குரலில், கண்ணாடி வழியாக ஒரு முறையும் அரை நொடி கழித்து என் காதுக்குள் இன்னொரு முறையும் சொன்னார்.

"இன்னும் முடிவு பண்ணலீங்க!"